‘காணா’ என்பது கண்டதா, காணாததா? – எச்சம் அறிந்து அந்வயம் கொள்ளுதல்

பாசுரங்களுக்குப் பதவுரை கற்கும் அன்பர்கள் பலர் கேட்கும் இலக்கண வினா ஒன்றுண்டு: ஒரு சொல் வினையெச்சமா, பெயரெச்சமா என்பதை எவ்வாறு அறிவது? வந்து, வந்த என ஈறு வேறுபட்டு நிற்குமிடத்தில் இவ்வினா எளிது. ஒரே வடிவம் இரண்டுக்கும் பொதுவாய் நிற்குமிடத்திலோ, தவறாகக் கொண்டால் பொருளே தலைகீழாய்விடும். அத்தகைய வடிவம் ஒன்றை இங்கு ஆராய்வோம்.

கொங்கு நாட்டில், பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தைப் பவணந்தி முனிவரின் ஊராகக் கூறும் மரபு உண்டு. சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க அவர் இயற்றிய நன்னூல், வினை முற்றுப்பெறாது எஞ்சி நிற்கும் சொற்களை இருவகையாகப் பிரிக்கிறது. பெயர் கொண்டு முடிவது பெயரெச்சம். வினை கொண்டு முடிவது வினையெச்சம். ‘பாடிய அடியார்’ என்பது முன்னது. ‘பாடி மகிழ்ந்தார்’ என்பது பின்னது.

இங்கு மாணவர் முதலில் பிழைபடும் இடம் ஒன்று. ‘வந்து நின்றவர்’ என்னும் தொடரில், ‘நின்றவர்’ பெயராயிற்றே, ஆதலால் ‘வந்து’ பெயரெச்சம் என்பர். அது பொருந்தாது. ‘நின்றவர்’ வினையாலணையும் பெயர். அதனுள் நிற்றல் என்னும் வினை அடங்கியிருக்கிறது. ‘வந்து’ அவ்வினையையே தழுவுகிறது. அவ்வாறே ‘வந்து நின்ற அடியார்’ என்பதில் ‘வந்து’ என்பது ‘நின்ற’ என்பதனோடும், ‘நின்ற’ என்பது ‘அடியார்’ என்பதனோடும் முடியும். ஆகவே, அடுத்து நிற்கும் சொல் யாது என்று பாராமல், எச்சம் எதனைத் தழுவுகிறது என்று பார்த்தல் வேண்டும்.

இனி நாம் எடுத்துக்கொண்ட வடிவத்திற்கு வருவோம். நன்னூல் வினையெச்சத்திற்குக் கூறும் பன்னிரண்டு வாய்பாடுகளுள் மூன்றாவது ‘செய்யா’ என்பது. அது எதிர்மறை அன்று. ‘செய்து’ என்னும் பொருளில் இறந்தகாலம் காட்டும் உடன்பாடு. ஆதலால் ‘காணா மகிழ்ந்தார்’ என்றால் ‘கண்டு மகிழ்ந்தார்’ என்று பொருள். இன்றைய வழக்கில் இவ்வாய்பாடு மறைந்துவிட்டமையால், இக்காலத்தார் செவிக்கு அது மறுப்பாகவே ஒலிக்கிறது. ஆனால் ‘காணாத’ என்பது ஈறு கெட்டு ‘காணா’ என நிற்கும்போது, அஃது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘கண்கள் காணா’ என்று வாக்கியம் முடிந்தால், அது பலவின்பால் எதிர்மறை வினைமுற்று. ஒரு சொல், மூன்று நிலை.

இவற்றை வேறுபடுத்த நன்னூலே ஒரு கருவி தருகிறது. செய்து, செய்பு, செய்யா, செய்யூ என்னும் முதல் நான்கு வாய்பாடுகளும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். அதாவது, எச்சத்தின் செயலைச் செய்தவரே முடிக்கும் வினையின் செயலையும் செய்தவராதல் வேண்டும்.

பின்வரும் தொடரைச் சோதிப்போம்: ‘கண்கள் காணாப் பொருளை மனம் உணர்ந்தது.’ காணுதலுக்கு உரியவை கண்கள். உணர்தலுக்கு உரியது மனம். வினைமுதல் இரண்டாயின. ஆதலால் ‘காணா’ என்பது ‘உணர்ந்தது’ என்பதனோடு முடியும் வினையெச்சம் ஆகாது. அது ‘பொருள்’ என்னும் பெயரைத் தழுவும் எதிர்மறைப் பெயரெச்சம். அப்பெயர் காணுதலின் செயப்படுபொருள். ‘கண்களால் காணப்படாத பொருளை மனம் உணர்ந்தது’ என்பதே கருத்து.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. ‘காணா அடியார் மகிழ்ந்தார்’ என்னும் தொடரைக் கொள்க. பெயரெச்சமாயின், ‘காணாத அடியார் மகிழ்ந்தார்’ என்றாகும். வினையெச்சமாயின், இடையில் நிற்கும் ‘அடியார்’ என்பதைக் கடந்து சென்று, ‘அடியார் கண்டு மகிழ்ந்தார்’ என்றாகும். இரண்டிலும் வினைமுதல் அடியாரே. சோதனை இரண்டையும் அனுமதிக்கிறது. இங்கே முன்னும் பின்னும் உள்ள தொடர்களே முடிவு செய்யும். பிரிவாற்றாமையைச் சொல்லிவரும் இடமாயின் முதற்பொருளும், சேவை கிட்டியதைச் சொல்லிவரும் இடமாயின் இரண்டாம் பொருளும் இயையும்.

ஆகவே பதவுரை எழுதப் புகுவார், ‘செய்யா’ வடிவம் கண்டவுடன் ‘செய்யாத’ என்று எழுதிவிடாமல், மூன்று வினாக்களை முறையே கேட்டுக்கொள்க. வாக்கியம் அங்கேயே முடிகிறதா? முடியாதாயின், முடிக்கும் வினைக்கும் இச்சொல்லுக்கும் வினைமுதல் ஒன்றா? ஒன்றாயின், ‘செய்து’ என்று பெயர்த்து வாசிக்கும்போது முன்பின் பொருள் இயைகிறதா?

பயிற்சி: ‘தேடாக் கண்டவர் திகைத்தார்’ என்பதில் ‘தேடா’ எவ்வெச்சம்? ‘கண்டவர்’ வினையாலணையும் பெயர் என்பதை நினைவிற்கொண்டு இருவகையாலும் பொருள் உரைத்துப் பார்க்க. ‘தேடிக் கண்டவர்’ என்பது ஒன்று. மற்றொன்றில் ‘தேடாத’ என்பது ‘கண்டவர்’ என்னும் பெயரைத் தழுவும். தேடிக் கண்டதும் தேடாமலே கிட்டியதும் ஒன்றல்ல. அவ்விரண்டையும் பிரிப்பது இந்த ஓர் எச்சத்தின் முடிபே.