பழைய புல்லட் வாங்குகிறீர்களா? படத்தைப் படியுங்கள்

ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்ட் போக, பழைய ராயல் என்ஃபீல்டு தேடுகிறீர்கள். “கிளாசிக் 350, 2022 மாடல், 8,000 கி.மீ.” என்று ஒரு விளம்பரம் வருகிறது. முன்பணம் அனுப்புமுன் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

• மாடல்: 2021 செப்டம்பரில் வந்த புதிய கிளாசிக்கில் கிக்கர் கிடையாது. படத்தில் கிக்கர் இருந்தால் அது முந்தைய மாடல்.

• வயது: டயர் பக்கவாட்டில் உள்ள தேதி எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 3521 என்றால் 2021-ன் 35-வது வாரத்தில் தயாரானது. வண்டியைவிட டயர் இரண்டு வருடம் புதிது என்றால் டயர் மாற்றப்பட்டிருக்கிறது. 8,000 கி.மீ.க்குள் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

• தேய்மானம்: பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கைப்பிடி உறை மூன்றும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டர் சொல்லும் கி.மீ.யை நம்பாதீர்கள். இவற்றைப் புதிதாக மாற்றியும் விற்பார்கள். எனவே தேய்மானம் இல்லாதது மட்டும் சான்றாகாது.

• பதிவு: நம்பர் பிளேட் எண்ணை mParivahan செயலியில் போட்டு, மாடலையும் பதிவுத் தேதியையும் ஒப்பிடுங்கள்.

நேரில் சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.