பீப்பாயில் நெளிவது என்ன?

கேள்வி: பழைய ரப்பர் தோட்டத்து வீட்டில் மழைநீர்ப் பீப்பாயில் எடுத்த படம் அனுப்பியுள்ளேன். கொசுப்புழுவோடு வால் நீண்ட புழுவும் இருக்கிறது. ஆபத்தா?
– வாசகி, ஈப்போ

பதில்: வால் நீண்டது எலிவால் புழு, பூக்களை மொய்க்கும் ஒருவகை ஈயின் குஞ்சு. அந்த வால் மூச்சுக்குழல். அது டெங்கி பரப்பாது. ஆனால் இலைதழை அழுகிய நீரில்தான் வளரும் என்பதால், அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

அஞ்ச வேண்டியது, நீர்மட்டத்தில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும் மற்றதற்குத்தான். மூச்சுக்குழல் குட்டையாகத் தெரிவதால் ஏடிஸாக இருக்கலாம். கியூலெக்ஸ் புழுவுக்கு அது நீளம். படத்தை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது.

நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி நீர் நிறைந்ததும் பொரிக்கும். நம் வெப்பத்தில் ஏழெட்டு நாளிலேயே கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேயுங்கள். மரங்களில் விட்டுப்போன பால் கோப்பைகளையும் கவிழ்த்துவிடுங்கள்.