மலையேறும் முன் பாதைக்கோட்டைப் படி: அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, உங்கள் நடைக்குழு சிவனொளிபாதமலைக்குப் போகிறது, பாதை போடும் பொறுப்பு உன்னுடையது என்றாய். நல்லதண்ணிப் பக்கமாக ஏறுவதையே வைத்துச் சொல்கிறேன்.

1. கிட்டக் கிட்டப் புள்ளி வை

gpx.studio தளத்தில் நடைப்பயணத்தைத் தேர்ந்தெடுத்துப் பாதையை வரை. அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று இரண்டே புள்ளி வைத்தால், நடுவில் எந்த வழி என்பதைத் தளமே முடிவு செய்துவிடும். கீழே தேயிலைத் தோட்டப் பாதைகள் பிரிகிற இடங்களில் வரைபடத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு புள்ளி வை. நேர்கோடாக ஓடும் துண்டு இருந்தால், அங்கே வரைபடத்தில் பாதை சிக்கவில்லை என்று பொருள்.

2. உயர வரைபடத்தைச் சோதி

அடிவாரம் சுமார் 1,250 மீட்டர், உச்சி 2,243 மீட்டர். ஆகவே ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர் வர வேண்டும். அதைவிட மிக அதிகமாகக் காட்டினால், கோடு படிக்கட்டை விட்டு விலகிச் சரிவில் ஏறி இறங்கக்கூடும். ஊசி போல ஒரு முனை தெரிந்தால், அந்தப் புள்ளியை நகர்த்திப் பார். உச்சி சில மீட்டர் குறைந்து தெரிந்தால் கவலை வேண்டாம். நிலத்தின் உயரத் தரவு கூரிய முனைகளை மழுக்கிவிடும்.

3. சராசரிச் சரிவை நம்பாதே

இந்தப் பாதை முதலில் மெதுவாக ஏறும். சமாதான தாதுகோபுரத்தைத் தாண்டியபின் படிகள் செங்குத்தாகும். உயர வரைபடத்தின் மேல் பகுதியைத் தனியாகப் பார்த்து, செங்குத்து தொடங்கும் முன்னாலேயே ஓய்வுக்கு ஓர் இடம் குறி.

நேரத்துக்கு, ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஒரு வழி சுமார் 5 கிலோமீட்டர் என்று வைத்தால் 2 மணி 40 நிமிடம் வரும். அது ஓய்வே இல்லாத நடை. பெரியவர்கள் வந்தால் மேலும் ஒரு மணி நேரமாவது சேர். இறங்கும்போது முழங்கால் வலிக்கும், அங்கேயும் நேரம் மிச்சமாகாது.

4. கோப்பாகவே அனுப்பு

ஏற்றுமதி செய்த .gpx கோப்பை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பு. திரைப்பிடிப்பில் கோடு தெரியும், வழி காட்டாது. பெயரிலேயே இடமும் தேதியும் இருக்கட்டும். திருத்தினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடு. கூடவே தூரம், ஏற்றம், கிளம்பும் நேரம் மூன்றையும் ஒரே வரியில் எழுது. நீ முன்பு நடந்து பதிவு செய்த கோப்பானால், வீட்டு வாசலில் தொடங்கும் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பு.

எல்லோரும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலியில் இலங்கை வரைபடத்தை முன்னரே இறக்கி, விமானப் பயன்முறையில் கோப்பைத் திறந்து பார்க்கச் சொல். டிசம்பரிலிருந்து மே வரையான யாத்திரைக் காலம் தவிர மற்ற நாட்களில் படிகளில் விளக்கு இருக்காது. இருட்டில் ஏறும் ஒவ்வொருவர் கைபேசியிலும் அந்தக் கோடு திறக்கிறதா என்று கேட்டுவிட்டே கிளம்பு.