எல்லாமே ஏழாம் தேதிக்குப் போன ஜூலை மாதம்

கேள்வி: குப்பனூரிலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் காப்பித்தூள், மிளகு விற்கும் சிறிய கடை எங்களுடையது. அமெரிக்காவில் இருப்பவர்களும் இணையத்தில் பணம் கட்டி வாங்குகிறார்கள். அந்தப் பணத்தை வாங்கித் தரும் வெளிநாட்டு நிறுவனம் மாதம் ஒரு சி.எஸ்.வி. கோப்பு அனுப்பும். 2025 ஜூலைக் கோப்பை எக்செல்லில் திறந்து, சேமித்து, ஆகஸ்டு தொடக்கத்தில் டேலியில் ஏற்றினேன். பாதி வரிகளை டேலி ஏற்கவே இல்லை. ஏற்றவற்றைப் பார்த்தால் ஏப்ரல் 7, மே 7, செப்டம்பர் 7 என்று கிடக்கின்றன. டிசம்பர் 7 கூட இருக்கிறது! தொகையும் வங்கிக் கணக்கோடு ஒத்துவரவில்லை. எங்கே பிசகியது ஐயா?
— ஒரு வாசகர், குப்பனூர்

பதில்: பிசகு டேலியில் இல்லை. கோப்பை நீங்கள் இருமுறை சொடுக்கித் திறந்த அந்த நொடியிலேயே நடந்துவிட்டது. அமெரிக்கக் கோப்பில் மாதம் முன்னால், நாள் பின்னால். ஜூலை 4 என்பதை 07/04/2025 என்று எழுதுவார்கள். உங்கள் கணினி இந்திய வழக்கில் இருப்பதால் எக்செல் அதை ஏப்ரல் 7 என்று படித்துக்கொண்டது. ஜூலை 15 வரும்போது, அதாவது 07/15/2025, பதினைந்தாவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாக மாற்றாமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது.

இதை வைத்து உங்கள் ஜூலையை நாள்வாரியாகப் பாருங்கள். ஜூலை 1, 2, 3 மூன்றும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 7 ஆயின. உங்கள் டேலி கம்பெனியில் புத்தகம் 1-4-2025இல் தொடங்கியிருக்க வேண்டும், அதனால்தான் அவை ஏறவில்லை. பழைய ஆண்டும் அதே கம்பெனியில் இருந்திருந்தால், ஆடிட்டர் முடித்துக் கொடுத்த கணக்குக்குள் சத்தமில்லாமல் புகுந்திருக்கும். 4 முதல் 6 வரை ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்குப் போயின. 7ஆம் தேதி மட்டும் தற்செயலாகச் சரி. 8 முதல் 12 வரை ஆகஸ்டு தொடங்கி டிசம்பர் வரை பரவின. 13 முதல் எல்லாம் எழுத்து, ஆகவே ஏறவில்லை. ஏறாத வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை கண்ணுக்குத் தெரிகிற தவறு. ஏறிய வரிகள்தான் ஆபத்து.

எக்செல்லிலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்களாக ஒழுங்கு எதையும் மாற்றாத பத்தியில் உண்மையான தேதி வலப்புறம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்புறம் ஒட்டும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மூலக் கோப்பை மறுபடி இறக்கிக்கொள்ள முடிந்தால் அதுதான் நல்லது. இம்முறை சொடுக்கித் திறக்காமல், வெற்று எக்செல் தாளில் Data பகுதியில் From Text/CSV வழியாகக் கொண்டுவாருங்கள். Transform Data கொடுத்து, தேதிப் பத்தியின் வகையை மாற்றும்போது Using Locale என்பதில் English (United States) தேர்ந்தெடுங்கள். எக்செல் முன்கூட்டியே தானாக வகை மாற்றிய படி இருந்தால் அதை முதலில் நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய கதைதான்.

மூலம் கிடைக்காவிட்டாலும் மீட்கலாம். தேதியாக மாறிய வரிகளில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன, மாறாத வரிகளில் எழுத்து அப்படியே இருக்கிறது. கெட்டுப்போன தாள் இன்னும் எக்செல் கோப்பாக இருந்தால், தேதி A பத்தியில் இருப்பதாகக் கொண்டு பக்கத்துப் பத்தியில் இதைப் போடுங்கள்:

```
=IF(ISNUMBER(A2),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),LEFT(A2,2),MID(A2,4,2)))
```

முழுக் கோப்பும் ஜூலைக்குள் வந்து சேர வேண்டும். ஒரு வரி வெளியே நின்றாலும் ஏதோ சரியில்லை. எக்ஸ்.எம்.எல். வழியாக ஏற்றுவதானால் டேலி கேட்கும் வடிவம் ஆண்டு, மாதம், நாள் ஒட்டியது: ஜூலை 4 என்றால் 20250704. இந்த வடிவத்தில் குழப்பத்துக்கே இடமில்லை. எந்த இரண்டு மென்பொருளுக்கு நடுவிலும் நான் இதையே வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று, நேரம். கோப்பில் Time Zone என்று ஒரு பத்தி இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அது PDT என்றிருந்தால் நம் நேரம் பன்னிரண்டரை மணி முன்னால். ஜூலை 31 மதியம் 1 மணிக்கு அங்கே கட்டிய பணம், நமக்கு ஆகஸ்டு 1 அதிகாலை 1.30. மாதக் கடைசி வரிகளுக்கு மட்டும் இதைப் பார்த்தால் போதும், ஆனால் மார்ச் 31 அன்று கட்டாயம் பாருங்கள்.

இனி தொகை. கோப்பில் Gross, Fee, Net என்று மூன்று பத்திகள் இருக்குமே, நீங்கள் Net பத்தியை விற்பனைக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கையில் வந்த பணம்தானே விற்பனை என்று தோன்றும். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: Gross 128.50 டாலர், Fee -5.95, Net 122.55. வாடிக்கையாளர் கொடுத்தது 128.50, அதுதான் விற்பனை. 5.95 உங்கள் செலவு, தனி லெட்ஜருக்குப் போக வேண்டும். வங்கிக்கு வருவது 122.55. ஆக, கோப்பின் ஒரு வரி டேலியில் மூன்று லெட்ஜர்களைத் தொடும். டேலியின் எக்ஸ்.எம்.எல்.லில் பற்று எதிர்மறை, வரவு நேர்மறை. கோப்பிலோ, உங்களிடமிருந்து போவது எதிர்மறை, உங்களுக்கு வருவது நேர்மறை. ஆகவே கோப்பில் நேர்மறையாக இருக்கும் Net, டேலியில் வங்கிக்கு எதிர்மறையாகப் போக வேண்டும். Fee ஏற்கெனவே எதிர்மறை என்பதால் தொட வேண்டாம். குறியீட்டை நம்பி அப்படியே நகலெடுத்தால் பணம் தலைகீழாகும்.

ரூபாயாக்கும்போது ஒரே விகிதம் போதாது. ஏற்றுமதிப் பொருளுக்கு ஜி.எஸ்.டி. விதிகளில் 34ஆவது விதி, சுங்கத்துறை அறிவிக்கும் விகிதத்தைச் சொல்கிறது. அது 85.00 என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 10,922.50 ரூபாய், கட்டணம் 505.75, வங்கியில் வர வேண்டியது 10,416.75. ஆனால் வங்கி 84.60க்கு மாற்றினால் வருவது 10,367.73. மிச்சம் 49.02 அந்நியச் செலாவணி நட்டம் என்ற லெட்ஜருக்கு. இந்த லெட்ஜர் இல்லாதவர்கள்தான் வித்தியாசத்தைச் சரிக்கட்ட விற்பனையைத் திருத்துவார்கள், தயவுசெய்து வேண்டாம்.

ஏற்றும் தாளில் 1,09,225.00 என்று காற்புள்ளி போட்ட எழுத்து இருக்கக் கூடாது, வெறும் 109225.00 போதும். கோப்புக்குப் பதில் நிரல் வழியாக எடுத்தால் வேறொரு சிக்கல்: ரேசர்பே போன்ற நிறுவனங்களின் ஏ.பி.ஐ. தொகையைப் பைசாவில் தரும், 500 ரூபாய் 50000 என்று வரும்.

ஏற்றிய பிறகு சரிபார்க்க, மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். தேதி மாறினாலும் ஆண்டு மொத்தம் மாறாது, எல்லாம் சரி என்று அது பொய் சொல்லும். வரிகளின் எண்ணிக்கையையும் மாதவாரித் தொகையையும் கோப்போடு ஒப்பிடுங்கள். Status பத்தியில் முடிவடையாத வரிகளை ஏற்றாதீர்கள். Transaction ID பத்தியை வவுச்சரின் குறிப்பில் சேருங்கள், ஒரே கோப்பை இருமுறை ஏற்றினால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது: ஏற்றுவதற்கு முன் எடுத்த பேக்கப் இருந்தால் அதற்குத் திரும்புங்கள். இல்லையேல் டே புக்கில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு 7ஆம் தேதியையும் திறந்து, இந்தக் கோப்பிலிருந்து வந்தவற்றை மட்டும் நீக்குங்கள். ஏப்ரல், மே, ஜூன் ஜி.எஸ்.டி. கணக்கை ஏற்கெனவே தாக்கல் செய்திருப்பீர்கள். இப்போது உங்கள் புத்தகத்தில் அந்த மாதங்களின் விற்பனை, தாக்கல் செய்ததைவிடக் கூடுதலாக நிற்கும். ஜூலைக் கணக்கைத் தாக்கல் செய்யும் முன் அதை இறக்கிவிடுங்கள், ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.