ஸ்டார் இணைப்பு: √3 எங்கே வரும், எங்கே வராது?

தண்ணீர் சூடாக்கும் ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று ஹீட்டர் எலிமென்ட்கள், ஒவ்வொன்றும் 24 ஓம். மூன்றின் ஒரு முனையை ஒன்றாக முடிந்து நியூட்ரலில் கொடுத்து, மறுமுனைகளை ஆர், ஒய், பி லைன்களில் ஆளுக்கொன்றாக மாட்டியிருக்கிறார்கள். இது ஸ்டார் இணைப்பு. மூன்றும் ஒரே அளவு என்பதால் சமச்சீர் லோடு. ஒவ்வொரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 240 வோல்ட். இதுவே ஃபேஸ் வோல்டேஜ். ஸ்டார் பற்றி அடிக்கடி கேட்கும் நான்கு தவறான கருத்துகளை இந்தத் தொட்டியை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: இரண்டு லைன்களுக்கு நடுவே 240 + 240 = 480 வோல்ட் வர வேண்டும்.

உண்மை: வருவது சுமார் 416 வோல்ட். பேச்சு வழக்கில் 415 என்கிறோம். 240 வோல்ட் சப்ளையின் உச்சம் 339 வோல்ட். ஆர் +339-லும் ஒய் −339-லும் ஒரே நொடியில் நின்றால்தான் 480 கிடைக்கும். ஆனால் மூன்று ஃபேஸ்களும் 120 டிகிரி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தைத் தொடுகின்றன. ஆர் உச்சத்தில் இருக்கும்போது ஒய் −170-இல்தான் இருக்கும்; வித்தியாசம் 509. அதற்கு 30 டிகிரி முன்னதாக ஆர் +294, ஒய் −294 என்று நிற்கும். அப்போது வித்தியாசம் 588. இதற்கு மேல் போகவே போகாது. 588-ஐ √2-ஆல் வகுத்தால் 416. அதாவது 240-ஐப் போல √3 மடங்கு. லைன் வோல்டேஜ் ஃபேஸ் வோல்டேஜைவிட 30 டிகிரி முந்துவதும் இதனால்தான்.

நம்பிக்கை 2: வோல்டேஜுக்கு √3 வந்தால் கரண்டுக்கும் √3 வரும்.

உண்மை: ஸ்டாரில் லைன் கரண்டும் ஃபேஸ் கரண்டும் ஒன்றே. ஆர் லைனில் வரும் ஒயர் நேராக ஒரு எலிமென்டுக்குள் போகிறது. வழியில் பிரிவதற்கு இடமே இல்லை. 240-ஐ 24-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். கிளாம்ப் மீட்டரை லைனில் மாட்டினாலும் எலிமென்ட் முனையில் மாட்டினாலும் 10-தான் காட்டும். கரண்டில் √3 வருவது டெல்டாவில். அங்கே ஒவ்வொரு லைனும் இரண்டு எலிமென்ட்களுக்குப் பிரிகிறது.

நம்பிக்கை 3: பவர் சூத்திரத்தில் √3 இருப்பதே, லைன் கரண்ட் கூடுதல் என்பதற்குச் சாட்சி.

உண்மை: ஒரு எலிமென்ட் 240 × 10 = 2,400 வாட்; மூன்றுக்கும் 7,200 வாட். இதில் 240-க்குப் பதில் லைன் வோல்டேஜை வைத்து எழுத வேண்டுமானால், அதை √3-ஆல் வகுக்க வேண்டும். மேலே உள்ள 3-ஐக் கீழே உள்ள √3 வெட்டினால் மிஞ்சுவது √3.

P = √3 × V_L × I_L × cos φ

இதில் φ என்பது ஃபேஸ் வோல்டேஜுக்கும் ஃபேஸ் கரண்டுக்கும் உள்ள கோணம். லைன் வோல்டேஜிலிருந்து அளந்தால் அந்த 30 டிகிரி உள்ளே புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். நம் ஹீட்டருக்கு cos φ = 1.

நம்பிக்கை 4: மூன்று லைன்களின் கரண்டும் சேர்ந்து நியூட்ரலில் 30 ஆம்பியர் திரும்பும்.

உண்மை: சமச்சீர் லோடில் நியூட்ரலில் கரண்ட் பூஜ்யம். ஆர் லைனில் 14.1 ஆம்பியர் உச்சமாக உள்ளே வரும் நொடியில், ஒய் வழியாக 7.07, பி வழியாக 7.07 வெளியேறுகிறது. நியூட்ரலுக்கு மிச்சம் ஏதும் இல்லை. எந்த நொடியை எடுத்தாலும் இப்படியே.

ஆனால் இது சமச்சீர் இருக்கும்வரைதான். ஆர் எலிமென்ட் எரிந்துபோனால், நியூட்ரல் உள்ள தொட்டியில் மற்ற இரண்டும் அதே 10 ஆம்பியரில் வேலை செய்யும்; நியூட்ரலில் 10 ஆம்பியர் ஓடும். நியூட்ரல் இல்லாவிட்டால் மீதி இரண்டும் 416 வோல்டுக்குக் குறுக்கே தொடராக அமைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் 208 வோல்ட், 8.7 ஆம்பியர், 1,800 வாட். போனது மூன்றில் ஒரு எலிமென்ட். குறைந்தது பாதிச் சூடு.

எல்இடி விளக்கும் கணினியும் நிறைந்த கட்டடத்தில் லைன்கள் சமமாக இருந்தாலும் நியூட்ரலில் கரண்ட் ஓடும். அவற்றின் கரண்ட் சீரான அலையாக இல்லாததே காரணம். அங்கே நியூட்ரல் ஒயரை மெலிதாக்காதீர்கள்.

தண்ணீர் சூடேறத் தாமதமானால், சூத்திரத்தைத் தேடுமுன் மூன்று லைன்களிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். 10, 10, 10 என்றால் எலிமென்ட்களில் குறையில்லை. 0, 8.7, 8.7 என்றால் ஒன்று வேலை செய்யவில்லை, நியூட்ரலும் இணைப்பில் இல்லை.