கோகோ பாலில் ஏன் கட்டி விழுகிறது?

கரைசலுக்கும் தொங்கலுக்கும் உள்ள வேறுபாட்டை உப்பு நீரையும் மணல் நீரையும் காட்டியே பல ஆண்டுகள் நடத்திவந்தேன். இம்முறை மின் அடுப்பு, பால், கோகோ தூளுடன் வகுப்பிற்குச் சென்றேன்.

முதல் முயற்சி தோல்விதான். கொதிக்கும் பாலில் தூளைக் கொட்டினேன். எவ்வளவு கிளறியும் உருண்டைகள் மிதந்தன. ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து நசுக்கச் சொன்னேன். உள்ளே தூள் நனையாமல் அப்படியே இருந்தது! "டீச்சர், எங்க வீட்ல கேழ்வரகு மாவைப் பச்சைத் தண்ணியில கரைச்சிட்டுத்தான் கொதிக்கிற தண்ணியில ஊத்துவாங்க" என்றாள் ஒரு மாணவி. பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

கோகோ தூளில் கொழுப்பு இருப்பதால் அது எளிதில் நனையாது. ஸ்டார்ச்சும் இருக்கிறது. சூடான பால் பட்டதும் உருண்டையின் வெளிப்பக்க ஸ்டார்ச் உப்பிப் பசையாகிறது. அந்தப் பசை, பால் உள்ளே போகும் வழியை அடைத்துவிடுகிறது.

இரண்டாம் முறை, 2 மேசைக்கரண்டி கோகோ, ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் மூன்றையும் உலர்வாகவே கலந்தோம். சர்க்கரைப் பரல்கள் இடையில் புகுந்து கோகோ துகள்களைப் பிரித்து வைக்கும். மொத்தம் 250 மி.லி. பாலில், ஆறிய பால் நான்கு கரண்டி மட்டும் விட்டுக் குழைத்தோம். தோசை மாவைவிடக் கெட்டியாக, பளபளப்பாக வந்தது. கட்டியை நசுக்க ஏற்ற நேரம் இதுதான். நீர்த்த பிறகு அது கரண்டிக்கு அகப்படாமல் நழுவும். பின்னர் மீதிப் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அடிகனமான பாத்திரத்தில் இளஞ்சூட்டில் கிளறினோம். குமிழி வரத் தொடங்கியதும் இரண்டு நிமிடம் விட்டால் கார்ன்ஃப்ளார் வெந்து பச்சை வாசனை போய்விடும். கரண்டியின் பின்புறம் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது, அதுதான் பதம். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் சற்று முன்பே இறக்குவது நல்லது.

சர்க்கரையைக் கடைசியில் போட்ட இன்னொரு குழுவின் பானம் நறநறத்தது. கெட்டியான, ஆறத் தொடங்கிய திரவத்தில் சர்க்கரை மெதுவாகத்தான் கரையும். நறநறப்பு நாக்கில் சற்று நேரத்தில் மறைந்தால் அது சர்க்கரை. மறையாமல் மாவாக ஒட்டினால் கோகோ, ஏனெனில் கோகோ கரைவதே இல்லை, தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீர்த்த கோகோ பாலை ஒரு குவளையில் அசையாமல் வைத்தால் அடியில் படிவதை மாணவர்களே காண்பார்கள்.

ஆடையைப் பார்க்க ஒரு குவளையைத் திறந்தும் மற்றொன்றைத் தட்டால் மூடியும் வைத்தோம். திறந்ததில் மேற்பரப்பு நீர் ஆவியாகி, புரதமும் கொழுப்பும் செறிந்து படலமாயின. மூடியதில் ஆவி வெளியேறாததால் ஆடை மிக மெல்லியதாகவே இருந்தது. அவ்வப்போது கிளறினாலும் படியாது. ஆனால் படிந்த ஆடையைக் கலக்கிவிட்டால் அது கரையாது, இழையிழையாகச் சுற்றும், எடுத்துவிடுவதே வழி. எங்கள் வகுப்பில் அதை எடுத்துத் தின்ன இருவர் போட்டியிட்டார்கள்.