ஒளிப்படத்தில் ஒரு துளை

கண்ணமங்கலத்து ஃபிட்டர் பயிற்சி மாணவர் ஒருவருக்குப் புஷ் ஒன்றின் வரைபடம் கைப்பேசியில் ஒளிப்படமாக வருகிறது எனக் கொள்வோம். திரையின்மேல் அளவுகோலை வைத்து அளப்பது வீண். சாய்வாக எடுத்த படத்தில் வட்டமும் நீள்வட்டமாகும். எழுதப்பட்ட எண்ணே அளவு.

சாய்கோடுகள் நிரம்பிய பகுதி, பொருளை நடுவே அறுத்தால் வெட்டுப்படும் உலோகம். இதுவே வெட்டுத்தோற்றம். நடுவிலுள்ள கோடற்ற வெளி துளையாகும். அதனருகே Ø25 H7 என்றுள்ளது. Ø விட்டத்தைக் குறிக்கும். பெரிய H, துளை 25 மி.மீ.க்குக் குறையலாகாது என்று கூறும். 7 என்பது டாலரன்ஸ் எனப்படும் ஏற்கத்தக்க வேறுபாட்டின் தரம். இவ்விட்டத்திற்கு அது 0.021 மி.மீ. ஆகவே, துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம்.

24.900 என அமைந்தால் ரீமர் செலுத்தித் திருத்தலாம். 25.030 ஆகிவிட்டால் அகற்றிய உலோகத்தை மீட்க வழியில்லை. பிளக் கேஜின் ‘கோ’ முனை நுழைந்து, ‘நோ கோ’ முனை நுழையாதிருந்தால் துளை சரி.

மங்கிய ஒளிப்படத்தில் 7 என்பது 1 போலத் தோன்றக்கூடும். அப்போது ஊகிக்காமல், மூல வரைபடத்தைக் கேட்டுப் பெற்ற பின்னரே துளையிட வேண்டும்.